ஹோம்வொர்க் நேரத்துச் சண்டை: கவனம் நிலைக்காத பிள்ளைக்கு எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கிற பிள்ளை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அல்லது அப்படி இருக்குமோ என்று வீட்டில் சந்தேகம். தினமும் சாயங்காலம் ஹோம்வொர்க் என்ற பேச்சை எடுத்தாலே வீடு ரெண்டாகிறது. அந்த வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். சிறப்புக் கல்வியாளராகச் சேலத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்வதால், உதாரணங்கள் எல்லாம் நம்ம ஊர் வீடுகள்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து நாள் சும்மா குறித்து வையுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்த நேரம், "புக்கை எடு" என்று முதலில் சொன்ன நேரம், உண்மையில் பென்சில் பேப்பரில் பட்ட நேரம், பையை மூடிய நேரம். இந்த நான்கு போதும். கொண்டலாம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு வீட்டு மூன்றாம் வகுப்புப் பையனின் ஒரு நாள் குறிப்பு இப்படி இருந்தது: வந்தது 4:40, சொன்னது 4:55, எழுத ஆரம்பித்தது 6:20, முடிந்தது 8:50. அம்மா சொன்னது, "நாலு மணி நேரமா ஹோம்வொர்க் எழுதறான்". ஆனால் உட்காருவதற்கு முன்பே ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. மீதி இரண்டரை மணியில் பென்சில் ஓடிய நேரத்தைத் தனியாகக் கூட்டினால் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். இந்தக் குறிப்பு இல்லாமல் "அவன் சோம்பேறி" என்ற முடிவுக்குத்தான் வருவோம். இருந்தால், எந்த இடத்தில் சிக்குகிறது என்று தெரியும். கீழே உள்ளதில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

உட்காரவே மாட்டேன் என்கிறான்

பெரும்பாலான சண்டை இங்கேதான், அதனால் இதற்கு நேரம் கொடுத்துப் படியுங்கள்.

முதலில் வயிற்றைப் பாருங்கள். மதிய டிபன் பாக்ஸ் பாதியோடு திரும்பி வருகிறதா? கவனத்துக்கான மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பகலில் பசி மங்கும், சாயங்காலம் ஒரேயடியாகப் பசிக்கும். அந்த நேரத்தில் ரெண்டு பிஸ்கட் போதாது. சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, முட்டை, இட்லி என்று வயிற்றில் நிற்கிற ஏதாவது வேண்டும். தட்டுவடை செட் வேண்டும் என்று அடம் பிடித்தால் சுண்டலுக்கு அப்புறம் வாங்கிக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை.

அடுத்து, உடம்பு. ஆறேழு மணி நேரம் அடங்கி உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளையை உடனே மறுபடி உட்கார வைக்க முடியாது. முப்பது, நாற்பது நிமிடம் ஓடட்டும், சைக்கிள் விடட்டும். ஆனால் இந்த இடைவெளியில் டிவியோ போனோ வேண்டாம். நேரத்தைக் கெடுக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. மனசுக்குப் பிடித்த ஒன்றிலிருந்து பிடிக்காத ஒன்றுக்கு மாறுவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டம். அதிலும் போனிலிருந்து மாறுவது சைக்கிளிலிருந்து மாறுவதைவிடப் பல மடங்கு கஷ்டம். கொண்டலாம்பட்டி பையனுக்கு 4:55 முதல் 6:20 வரை போனதற்குக் காரணம் கையில் இருந்த போன்தான். அதைப் பிடுங்கியதில் ஆரம்பித்த அழுகை ஹோம்வொர்க் மேல் போய் விழுந்தது.

மூன்றாவது, கூப்பிடும் விதம். அடுப்படியிலிருந்து "சாமி, வந்து உட்காரு" என்று கத்தினால், அது அவன் காதில் விழுந்தாலும் வேலையாக மாறாது. ஐந்து தடவை கத்தும் வரை ஒன்றும் நடக்காது என்பதை அவனும் பழகிவிடுவான். ஆறாவது தடவை அடி விழும், அதுவும் அவனுக்குத் தெரியும். இதற்கு மாற்றாக, ஆரம்பிக்கும் நேரத்தை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிட்டு கடிகாரத்திடம் கொடுங்கள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு என்ற எண் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். "அஞ்சு மணிக்கு அப்புறம் பெரிய முள் சிவப்புக்கு வந்தா உட்காரணும்." அதாவது 5:30. கூடவே போனில் அலாரம், தினமும் ஒரே சத்தம். "இன்னும் பத்து நிமிஷம்" என்று வாயால் சொல்வதால் பயனில்லை. பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பதே இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. முள் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

அலாரம் அடித்ததும் கை எட்டும் தூரத்துக்குப் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வாக்கியம்: "பாயில உட்காரு." மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். உட்கார்ந்த பிறகு அடுத்த வாக்கியம்: "கணக்கா, தமிழா, எது முதல்ல?" உட்காரலாமா என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் "வேண்டாம்" என்றுதான் வரும். "பையை எடு, டைரியைப் பார், கணக்கு நோட்டை எடுத்து நேத்து விட்டதை முடி" என்று நாலையும் சேர்த்துச் சொன்னால் முதலாவதுதான் நினைவில் நிற்கும், சில நாள் அதுவும் நிற்காது. வேண்டுமென்றே மறப்பதில்லை. கேட்டதைத் தலையில் பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன்தான் இந்தப் பிள்ளைகளிடம் குறைவாக இருக்கிறது.

முதல் வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிற மாதிரி இருக்கட்டும். தேதி போட்டுத் தலைப்பு எழுதுவது, அல்லது நீங்கள் முதல் கணக்கை எழுதிக் கொடுத்து அவன் விடை மட்டும் போடுவது. ஆரம்பித்துவிட்டால் பாதி சண்டை போய்விடும்.

ஏற்காட்டிலிருந்து கீழே சேலத்துக்கு வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த நேரக்கணக்கு ஒத்துவராது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு சேரும்போதே இருட்டியிருக்கும், பாதிப் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், மீதி காலையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் எழுத வைக்க வேண்டாம், வாந்திதான் வரும்.

உட்கார்கிறான், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம்

பென்சில் சீவ எழுகிறான், ரப்பரைக் காணோம் என்கிறான், தண்ணீர் குடிக்கப் போகிறான். எழும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வர ஐந்து நிமிடம். ஒரு பிளாஸ்டிக் கூடையில் சீவிய பென்சில் மூன்று, ரப்பர், ஸ்கேல், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் போட்டுப் பாய் பக்கத்தில் வையுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பிறகு, அவன் உண்மையில் எத்தனை நிமிடம் தாங்குகிறான் என்று பாருங்கள். கண் நோட்டை விட்டு நகர்ந்து மறுபடி திரும்பாமல் போகும் வரை எவ்வளவு நேரம்? கொண்டலாம்பட்டி பையனுக்கு அது சுமார் ஏழு நிமிடம். அதனால் அவனுக்கு வேலையை ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டினோம்: நாலு கணக்கு, மூன்று நிமிட இடைவெளி, மூன்று வரி தமிழ், மூன்று நிமிட இடைவெளி, இப்படி. தாங்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக நிறுத்துவதுதான் இதில் முக்கியம். தோற்பதற்கு முன் நிறுத்தினால் அடுத்த துண்டுக்கு வருவான். மீதிக் கணக்குகளை ஒரு தாளால் மறைத்து வையுங்கள், முழுப் பக்கத்தைப் பார்த்தாலே சில பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும். இடைவெளியில் குதிக்கலாம், பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். போன் கூடாது. இடைவெளி முடிவதற்கும் அதே அலாரம்தான்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தறி ஓடும் வீட்டில் எப்படிப் படிப்பான் என்று பலர் கேட்கிறார்கள். பக்கத்து அறையில் ஒரே சீராக ஓடும் தறிச் சத்தம் பல பிள்ளைகளைக் கலைப்பதில்லை. சிலருக்கு உதவுவதுகூட உண்டு. கலைப்பது பேச்சு. ஆறரை மணி சீரியல், வாசலில் நின்று பேசும் பெரியம்மா, ஸ்பீக்கரில் போட்ட போன். டிவியை அரை மணி நேரம் தள்ளி வைக்கப் பாட்டியிடம் பேசுங்கள். தறிக்கு அடுத்தே உட்கார வைப்பது மட்டும் வேண்டாம், அது காதுக்குக் கெடுதல்.

இவ்வளவுக்கும் அப்புறமும் நேரம் இழுத்தால், வேலையின் அளவையே குறைக்க வேண்டும். மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் நாளுக்கு 24 நிமிடம். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. நடைமுறையில் பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் டீச்சரிடம் பேசப் போகும்போது இந்தக் கணக்கும் உங்கள் ஐந்து நாள் குறிப்பும் கையில் இருக்கட்டும்.

வீட்டில் ஒரு உச்சவரம்பு வையுங்கள். மூன்றாம் வகுப்புக்கு இடைவெளி போக 30 நிமிட வேலை. அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. முடியாவிட்டால் நோட்டை மூடி, டைரியில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: "30 நிமிடம் கவனமாகச் செய்தான். 7 கணக்கு முடிந்தது, 5 மீதி." டீச்சரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை மூன்று: கேள்வியைப் பார்த்து எழுதாமல் விடை மட்டும் எழுதலாமா, ஒன்று விட்டு ஒன்று கணக்குப் போட்டால் போதுமா, சமூக அறிவியல் விடைகளை வாயால் சொல்லலாமா. "என் பிள்ளைக்குச் சலுகை கொடுங்கள்" என்று கேட்டால் மறுப்பார்கள். "ரெண்டு வாரம் இப்படிச் செய்து பார்க்கலாமா மிஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். முடிவு எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளையும் இழுத்தடிப்பதைக் குறைப்பான். முடிவே இல்லாத வேலையை யார்தான் வேகமாகச் செய்வார்கள்?

நான் பக்கத்தில் இருந்தால்தான் எழுதுகிறான்

இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர் அமைதியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே இந்தப் பிள்ளைகளின் கவனம் நிற்கும். செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு அம்மா கொலுசுக்கு மணி கோர்க்கும் வேலையை வீட்டுக்கு வாங்கிச் செய்பவர். பெண் எழுதும் அரை மணி நேரத்துக்கு அதைத் தன் பக்கத்தில் பாயிலேயே போட்டுக்கொண்டார். பெண்ணின் நோட்டைப் பார்க்கவில்லை, பேசவுமில்லை. அவ்வளவுதான் தேவை. நோட்டையே பார்த்துக்கொண்டு "அது தப்பு, இது கோணல்" என்று சொல்லும் ஆளாக உட்கார்ந்தால் நிலைமை மோசமாகும். கையில் கீரை ஆய்வதோ, பூ கட்டுவதோ ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், வாய் தானாகக் குறையும். போன் பார்க்காதீர்கள், பிள்ளையின் கண்ணும் அங்கேதான் போகும்.

தனியாக எழுதப் பழக்குவது அப்புறம். ஒரு மாதம் ஒழுங்காகப் போன பிறகு கடைசித் துண்டுக்கு மட்டும் எழுந்து போய்ப் பாருங்கள்.

அழுகை, நோட்டைக் கிழிப்பது, பென்சிலை எறிவது

ஆரம்பித்துவிட்ட பிறகு பாடம் எதுவும் உள்ளே போகாது. அறிவுரையும் போகாது. நோட்டை எடுத்து ஓரமாக வையுங்கள், ஐந்து நிமிடம் தண்ணீர், முகம் கழுவல். திரும்பி வந்ததும் மிகச் சின்னதாக ஒன்று: ஒரே ஒரு கணக்கு. அதை முடித்ததும் அன்றைக்கு அவ்வளவுதான். முழுதாக விட்டுவிட்டால் அழுதால் தப்பிக்கலாம் என்று கற்றுக்கொள்வான். முழுவதையும் எழுத வைத்தால் ராத்திரி பதினொன்று ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு.

அடிக்கடி நடந்தால், அது எப்போது நடக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் எட்டு மணிக்கு அப்பா வந்து நோட்டைத் திறந்ததும் நடக்கிறது. "என்ன எழுத்துடா இது, அழிச்சிட்டு மறுபடி எழுது." ஒரு மணி நேரம் பாடுபட்டதை ரப்பரால் தேய்ப்பதைப் போலப் பிள்ளையை உடைப்பது வேறில்லை. பைக்குள் போன நோட்டை அன்று யாரும் திறக்கக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். கையெழுத்துக்குத் தனியாக ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். அப்பாவுக்கு வேறு வேலை இருக்கிறது, அது அடுத்து வருகிறது.

முதல் வாரம் நன்றாகப் போனது, இப்போது பழையபடி

பரிசு தூரத்தில் இருக்கும். "பரீட்சையில நல்ல மார்க் வாங்கினா சைக்கிள்" என்பது இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாததற்குச் சமம். அன்றைய உழைப்புக்கு அன்றே ஏதாவது கிடைக்க வேண்டும். ஒரு டப்பா, கொஞ்சம் புளியங்கொட்டை. அலாரம் அடித்துப் பாயில் உட்கார்ந்தால் ஒரு கொட்டை, ஒவ்வொரு துண்டு முடித்ததும் ஒன்று. சரியா தப்பா என்பதற்கு அல்ல, உட்கார்ந்ததற்கும் முடித்ததற்கும். கொண்டலாம்பட்டி வீட்டில் ஐந்து கொட்டைக்கு அப்பாவோடு பதினைந்து நிமிடம் கேரம். நோட்டைத் திருத்த வந்த அப்பா கேரம் ஆட வந்ததும் எட்டு மணிச் சண்டை நின்றது. போட்ட கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த நாள் டப்பாவை உதைப்பான், அதில் நியாயமும் இருக்கும்.

இரண்டு வாரத்தில் கேரமும் சலிக்கும். இது தோல்வியில்லை, புதுமை போய்விட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு ஆசையும் போய்விடும். பரிசை மாற்றுங்கள், முறையை மாற்றாதீர்கள். ராத்திரி என்ன டிபன் என்று அவன் முடிவு செய்வது, மொட்டை மாடியில் படுப்பது, காசு செலவில்லாதவையே நிறைய இருக்கின்றன.

சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக, முதல் வாரமே சத்தம் கூடும். இதுவரை அழுதால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால், இன்னும் பலமாக அழுது பார்ப்பான். அந்த வாரத்தில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

என்ன ஹோம்வொர்க் என்றே தெரியவில்லை. எழுதிய நோட்டு வீட்டிலேயே கிடக்கிறது

கரும்பலகையைப் பார்த்து டைரியில் எழுதுவதே இவர்களுக்குத் தனி வேலை. பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மாவிடம் தினமும் டைரிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஐந்து மணிக்குள். முடித்த நோட்டு பைக்குள் போய், பை செருப்புப் பக்கத்தில் வைக்கப்பட்டால்தான் கடைசிப் புளியங்கொட்டை. எழுதி முடித்ததும் என்பதல்ல.

எல்லாம் செய்தும் மாற்றமில்லை

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் அப்படியே இருந்தால், காரணம் கவனம் மட்டும்தானா என்று சோதியுங்கள். கேள்வியை நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டியதும் டக்கென்று பதில் சொல்கிறான் என்றால், சிக்கல் வாசிப்பில் இருக்கலாம். அவனே வாசித்து வாயால் சரியாகச் சொல்கிறான், எழுதும்போது மட்டும் நிற்கிறான் என்றால் எழுத்தில். கவனக் குறைபாட்டோடு கற்றல் குறைபாடும் சேர்ந்து வருவது சாதாரணம். அதற்கு நேரக்கணக்கு மட்டும் மருந்தாகாது, தனி மதிப்பீடு வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இடம்பெற்றிருப்பதால், சான்று இருந்தால் பள்ளியிலும் தேர்விலும் உதவி கேட்க முடியும். கண், காது பரிசோதனையை இதற்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

தூக்கத்தையும் கணக்குப் போடுங்கள். ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரமாவது வேண்டும். பதினொரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு வேனுக்கு எழும் பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்ப்பது வீண்.

மாத்திரை சாப்பிடும் பிள்ளையானால், காலையில் கொடுத்த நேரத்தையும் சாயங்காலம் எரிச்சல் ஆரம்பிக்கும் நேரத்தையும் எழுதுங்கள். கவனத்துக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் மாத்திரையில் குறுகிய நேர வகை நாலு மணி நேரம் போலத்தான் வேலை செய்யும். காலை எட்டுக்குப் போட்டது சாயங்காலம் ஐந்தரைக்கு உடம்பில் பயன்தராது. மருந்தின் பலம் இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகளுக்கு அழுகையும் கோபமும் வழக்கத்தைவிடக் கூடும். அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை பொருந்துமா என்று அவர் பார்ப்பார்.

இதுவரை யாரிடமும் காட்டவில்லை என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலிருந்தோ மனநலப் பிரிவிலிருந்தோ ஆரம்பிக்கலாம். போகும்போது இரண்டு எடுத்துச் செல்லுங்கள்: வீட்டுக் குறிப்பு, வகுப்பு டீச்சர் எழுதிய அரைப் பக்கம். வீட்டில் மட்டும் தொல்லை, பள்ளியிலும் டியூஷனிலும் ஒரு புகாரும் இல்லை என்றால் அது ஏ.டி.எச்.டி.யாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதமாவது இருந்திருக்கிறதா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். டீச்சரின் அரைப் பக்கம் இல்லாமல் போனால் அதை வாங்கிக்கொண்டு மறுபடி வரச் சொல்லுவார்கள்.